ஒருங்கமை சமன்பாடுகள்: விடையைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் கற்பிக்கும் எனக்கு, ஒருங்கமை சமன்பாடுகள் தொடங்கும் தவணையில் திருத்தக் கிடைக்கும் கொப்பிகள் எல்லாம் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டவை போலத் தோன்றும். அந்த வயதில் நாங்கள் செய்த அதே பிழைகளையே இவர்களும் அதே இடங்களில் செய்கிறார்கள். வாய்பாட்டுப் பிழை, வினாவை மாற்றி எழுதியது, x இன் விடையை y என்று எழுதியது போன்றவற்றைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அவை கண்ணில் பட்டவுடன் திருத்தக்கூடியவை. சரிபார்த்தும் அகப்படாமல் தப்பிவிடும் குறிப் பிழையைப் பற்றியே எழுதுகிறேன்.

பயன்படுத்திய சமன்பாட்டிலேயே சரிபார்த்தல்

என்னை இன்னமும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆகவே இதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பின்வரும் சோடியை எடுத்துக்கொள்வோம்.

2x + 5y = 18 (1)
2x − 3y = 2 (2)

x இன் குணகங்கள் சமமாக இருப்பதால் (1) இலிருந்து (2) ஐக் கழித்தால் x நீங்கிவிடும். 5y இலிருந்து −3y ஐக் கழிக்கும்போது 8y வர வேண்டும். வலது பக்கத்தில் 18 இலிருந்து 2 போக 16. எனவே 8y = 16, y = 2. அதை (1) இல் பிரதியிட்டால் 2x + 10 = 18, x = 4.

அண்மையில் ஒரு மாணவி 5y இலிருந்து −3y ஐக் கழித்து 2y என்று எழுதியிருந்தார். சய 3y ஐக் கழிப்பது சக 3y ஐக் கூட்டுவதாகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்த வரியில் கை முந்திவிட்டது. 2y = 16 ஆகி, y = 8 என்று அழகான நிறைவெண் கிடைத்தது. அதை (1) இல் பிரதியிட்டு 2x + 40 = 18 என்றும், 2x = −22 என்றும், x = −11 என்றும் பெற்றார். பின்னமாக வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்; நிறைவெண்ணாக வந்ததால் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய், "சரிபார்த்தல்" என்று அடிக்கோடிட்டுத் தலைப்பெழுதி, (1) இன் இடது பக்கத்தில் −22 + 40 = 18 என்று காட்டி, சிவப்புப் பேனையால் பெரிதாகச் சரி அடையாளமும் போட்டிருந்தார்.

அந்த வரியில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. −22 உம் 40 உம் சேர்ந்தால் 18 தான். ஆனால் x = −11 என்பதே (1) இலிருந்து கிடைத்தது. y இற்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும், அந்தச் சமன்பாடு தன்னைச் சமப்படுத்தும் x ஐத் தந்துவிடும். y = 100 என்று வைத்தால் 2x + 500 = 18, x = −241; மீண்டும் பிரதியிட்டால் −482 + 500 = 18. அதற்கும் சரி அடையாளம் போடலாம். ஆகவே அந்த மாணவி செய்தது, கடைசியாகச் செய்த கூட்டல் கழித்தலைத் திரும்பச் செய்து பார்த்தது மட்டுமே; y சரியா என்ற கேள்வி அங்கே கேட்கப்படவேயில்லை.

பக்கத்து மேசையில் இருந்தவரும் அதே வரியில் அதே பிழையை விட்டு, y = 8 என்றே பெற்றிருந்தார். ஆனால் அவர் (2) இல் பிரதியிட்டார்: 2x − 24 = 2, x = 13. அவரும் (2) இலேயே சரிபார்த்தார்: 26 − 24 = 2. அவருடைய கொப்பியிலும் சரி அடையாளம். ஒரே வினாவிற்கு (−11, 8) என்றும் (13, 8) என்றும் இரண்டு விடைகள், இரண்டும் சரிபார்க்கப்பட்டவை. இரண்டு கொப்பிகளையும் அருகருகே வைத்துக் காட்டிய பின்புதான் இருவருக்கும் விடயம் விளங்கியது.

பரீட்சை மண்டபத்தில் பக்கத்துக் கொப்பி கிடைக்காது. மற்றச் சமன்பாடுதான் கிடைக்கும். மாணவி தன்னுடைய விடையை (2) இல் இட்டிருந்தால் 2(−11) − 3(8) = −22 − 24 = −46 என்று வந்து, 2 ஆக வேண்டியது −46 ஆக நிற்பதை உடனே கண்டிருப்பார். அந்த ஒரு வரிக்குச் சோம்பல்பட்டு, அதைவிட நீளமான ஒரு வெறும் சடங்கை அழகாக எழுதி வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வரைபில் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும். (1) ஒரு நேர்கோடு, (2) இன்னொரு நேர்கோடு, விடை அவை வெட்டும் புள்ளி. (1) சமப்படுகிறது என்றால் புள்ளி முதலாவது கோட்டின்மேல் எங்கோ கிடக்கிறது என்பது மட்டுமே பொருள். காலி வீதியும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையும் சந்திக்கும் இடத்திற்கு வரச் சொன்னால், "காலி வீதியில்தான் நிற்கிறேன்" என்று கல்கிசையிலிருந்தும் சொல்லலாம், கொள்ளுப்பிட்டியிலிருந்தும் சொல்லலாம்.

ஆகவே விடையை எந்தச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பெற்றோமோ, அதை விட்டு மற்றதிலேயே முதலில் சரிபார்க்க வேண்டும். அதன் பின் முதலாவதிலும் ஒருமுறை பார்ப்பது, கடைசி இரண்டு வரிகளில் ஏதும் வழுக்கியிருந்தால் காட்டித்தரும். ஒழுங்கு இதுதான், பலர் இதைத் தலைகீழாகத் தொடங்கி, முதல் சரி அடையாளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பெருக்கி எழுதிய சமன்பாட்டில் சரிபார்த்தல்

இரண்டு சமன்பாடுகளிலும் சரிபார்த்த பின்பும் பிழை தப்பிவிடும் வழி ஒன்று உண்டு.

3x − y = 7 (1)
5x + 2y = 8 (2)

(1) ஐ 2 ஆல் பெருக்கினால் 6x − 2y = 14 என்று மூன்றாம் சமன்பாடு வரும். அதை 6x + 2y = 14 என்று எழுதிவிட்ட ஒருவர், அதிலிருந்து (2) ஐக் கழித்து x = 6 என்றும், (2) இல் பிரதியிட்டு y = −11 என்றும் பெறுவார். (2) இல் சரிபார்த்தால் 30 − 22 = 8. மூன்றாம் சமன்பாட்டில் சரிபார்த்தால் 36 − 22 = 14. இரண்டும் சமம்; விடை பிழை. உண்மையான (1) இல் இட்டால் 18 + 11 = 29, வர வேண்டியதோ 7. சரியான விடை x = 2, y = −1.

மூன்றாம் சமன்பாடு நாம் எழுதியது, வினா தந்ததல்ல. குறி அங்கே மாறியிருந்தால், அந்த மாறிய சமன்பாட்டிற்கு மாறிய விடை பொருந்தத்தான் செய்யும். சரிபார்க்கும்போது கண் வினாத்தாளில் இருக்க வேண்டும். கொப்பியின் நடுப்பக்கத்தில் அல்ல.

பொருந்தவில்லை என்றதும் எல்லாவற்றையும் அழித்தல்

பொருந்தாத விடை பயனற்றதல்ல. அது எவ்வளவால் பொருந்தவில்லை என்பதே பிழையின் இடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும். ஓர் உறுப்பின் குறி மாறினால் கூட்டுத்தொகை அந்த உறுப்பின் இருமடங்கால் மாறும்: 11 ஐக் கூட்டவேண்டிய இடத்தில் கழித்தால் வித்தியாசம் 22. ஆகவே வந்த பெறுமானத்திற்கும் வரவேண்டிய பெறுமானத்திற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்த அளவுள்ள உறுப்பு எது என்று தேட வேண்டும்.

மேலே 29 வந்தது, 7 வர வேண்டும். வித்தியாசம் 22, பாதி 11. (1) இல் 11 என்ற அளவுள்ள உறுப்பு y தான். எனவே (1) இலிருந்து வந்த வரிகளில் y இன் குறியை மட்டும் பார்த்துக்கொண்டு போனால், 6x + 2y என்ற இடத்தில் பிழை அகப்படும். முதல் உதாரணத்தில் −46 வந்தது, 2 வர வேண்டும். வித்தியாசம் 48, பாதி 24. அங்கே 3y இன் அளவு 24. கழிக்கும்போது குறி மாறியது அந்த உறுப்பில்தான்.

இரண்டு சமன்பாடுகளும் பொருந்தாவிட்டால், பிழை பெரும்பாலும் பிரதியிட்ட பிறகு நேர்ந்தது. 3x − 2y = 16, 5x + 3y = 14 என்ற சோடியில் x = 4 என்று சரியாகப் பெற்ற ஒருவர், 12 − 2y = 16 என்ற வரியிலிருந்து y = 2 என்று எழுதிவிட்டார். முதலாவதில் 16 இற்குப் பதில் 8, இரண்டாவதில் 14 இற்குப் பதில் 26. வித்தியாசங்களின் பாதி 4 உம் 6 உம். அவையே 2y, 3y ஆகியவற்றின் அளவுகள். இரண்டிலும் y உறுப்பே அகப்படுவதால் y இன் குறி மட்டும் மாறியிருக்கிறது, விடை y = −2.

இது ஒரு குறி மட்டும் வழுக்கிய இடத்தில் உதவும். பாதி எந்த உறுப்புடனும் ஒத்துப்போகாவிட்டால், பெருக்கி எழுதிய வரிகளின் உறுப்புகளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கும் இல்லையென்றால் பெருக்கலிலோ வகுத்தலிலோ பிழை இருக்கலாம், அல்லது இரண்டு குறிகள் மாறியிருக்கலாம். அப்போது முதலிலிருந்து செய்வதே விரைவானது.

அடைப்பில்லாமல் பிரதியிடல்

y = −2 ஐ −3y இல் இடும்போது −3(−2) என்று எழுதுங்கள்; −3 − 2 என்று எழுதி −5 பெற்று, சரியான விடையை அழித்தவர்கள் உண்டு.

பொருந்தும்வரை குறியை மாற்றுதல்

திருத்துபவருக்கு அது தெரியும்.

வசனக் கணக்கில் சமன்பாட்டோடு நிறுத்துதல்

மூன்று கொப்பிகளும் இரண்டு பேனைகளும் 480 ரூபா, ஒரு கொப்பியின் விலை ஒரு பேனையின் விலையைவிட 60 ரூபா கூட என்று வினா சொல்கிறது. கொப்பி x, பேனை y என்றால் 3x + 2y = 480, x − y = 60. இரண்டாவதை y − x = 60 என்று எழுதிவிட்டவருக்கு x = 72, y = 132 என்று கிடைக்கும். 216 + 264 = 480; 132 − 72 = 60. அவர் எழுதிய சமன்பாடுகள் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. வித்தியாசம் பூச்சியம் என்பதால் பாதியாக்கிப் பார்க்கவும் ஒன்றுமில்லை. இங்கே குறி வழுக்கியது சமன்பாடு பிறப்பதற்கு முன்பே. ஆகவே வசனக் கணக்கில் விடைகளைச் சமன்பாட்டில் அல்ல, வினாவின் வசனத்தில் இட்டுப் படிக்க வேண்டும்: 72 ரூபாக் கொப்பி, 132 ரூபாப் பேனையைவிட 60 ரூபா கூட. படித்தவுடனேயே பிழை தெரிந்துவிடும்; சரியான விலைகள் கொப்பிக்கு 120 ரூபா, பேனைக்கு 60 ரூபா.