ஷேவ் பண்ண ரெண்டாம் நாள் கழுத்துல சின்ன சின்ன கட்டி, அதுல சீழ்: என்ன பண்ணணும், எப்ப டாக்டர்கிட்ட போகணும்

தாடைக்குக் கீழ, ஹெல்மெட் ஸ்ட்ராப் உரசுற இடத்துல வர்ற பொரிக்குத்தான் இந்த போஸ்ட். வியாசர்பாடில இருக்குற என் மச்சான் டெலிவரி வேலை பாக்குறான், வெயில்ல ஹெல்மெட்ட கழட்டவே மாட்டான், அவன் கழுத்தும் என் கழுத்தும் ஒரே கதைதான், அதனால ரெண்டு பேருக்கும் வேலை செஞ்சத எழுதுறேன்.

முதல்ல கண்ணாடி முன்னாடி நின்னு எந்த வகைனு பாருங்க. சுருட்டை முடியா இருந்தா, வெட்டின கூர்முனை வளைஞ்சு திரும்ப தோலுக்குள்ளயே குத்தும், கெட்டியா ஒரு பொரி வரும், உத்துப் பாத்தா உள்ள கறுப்பா வளையம் மாதிரி முடி தெரியும். இது உள்முடி. இன்னொண்ணு முடி வேர் இருக்குற குழியே வீங்குறது, அதான் ஃபாலிகுலைட்டிஸ். நுனில சொட்டு சீழ், நடுவுல ஒரு முடி, சுத்தி சிவப்பா இருக்கும். பெரும்பாலும் தோல் மேல சும்மா இருக்குற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிதான் பிளேடு கீறின வழியா உள்ள போகுது. உள்முடிலயும் கொஞ்சம் சீழ் வரும், அதனால வெள்ளையா பாத்த உடனே இன்ஃபெக்ஷன்னு பயப்படாதீங்க.

ஸ்டெப் 1: பிளேட நிறுத்துங்க. பொரி இருக்கும்போது மேல பிளேட ஓட்டினா ஒரு பொரில இருக்குற கிருமிய கழுத்து பூரா தடவுறீங்க. மூணு நாலு வாரம் ட்ரிம்மர்ல ஒரு மில்லிமீட்டராச்சும் விட்டு வெட்டுங்க. முதல் வாரம் இன்னும் மோசமாகிற மாதிரி தெரியலாம், மச்சான் அங்கதான் பொறுமை இழந்து திரும்ப ரேசர எடுத்தான். முடி நீண்டா தானா வெளிய வந்துடும், ஊசி வெச்சு நோண்ட வேணாம். வெதுவெதுப்பான தண்ணில சுத்தமான துணிய நனைச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் ஒத்தடம், ஒரு நாளைக்கு மூணு தடவ. கூட பென்சாயில் பெராக்சைட் 2.5% ஜெல், அது டவல் கலர் டீஷர்ட் எல்லாத்தையும் வெளுத்துடும், பழைய வெள்ளைத் துணியா போட்டுக்கோங்க.

ஸ்டெப் 2: முடி எந்தப் பக்கம் வளருதுன்னு கண்டுபிடிங்க. எல்லாரும் தாண்டிப் போற இடம் இதான். கழுத்துல முடி கீழ்நோக்கி மட்டும் வளராது, ஒரு பக்கம் காதை நோக்கிப் போகும், நடுவுல மேல் நோக்கிக்கூட போகும். ரெண்டு நாள் முடி இருக்கும்போது விரல நாலு பக்கமும் தடவுங்க, வழுவழுன்னு போற பக்கம்தான் வளர்ற பக்கம், சொரசொரன்னு தடுத்தா எதிர்ப்பக்கம். மச்சானுக்கு வலது கழுத்துல காதுப்பக்கமா வளருது, அவன் கீழ இருந்து மேல இழுத்துட்டு இருந்தான், பொரியும் சரியா அந்த இடத்துலதான்.

ஸ்டெப் 3: ஷேவிங். குளிச்சு முடிச்ச உடனே, க்ரீம் தடவி ரெண்டு நிமிஷம் விட்டு, வளர்ற பக்கமா மட்டும், ஒரே தடவ. தோல இழுத்துப் பிடிக்காதீங்க, விட்டதும் முடி நுனி உள்ள இறங்கிடும். மூணு பிளேடு அஞ்சு பிளேடு ரேசர் எனக்கு பிடிக்காது, முதல் பிளேடு முடிய தூக்கும் அடுத்தது தோலுக்குக் கீழ வெட்டும், கழுத்துக்கு ஒத்த பிளேடு போதும். சலூன்ல பாதி பிளேட புதுசா ஒடிச்சுப் போட்டாலும், படிகாரக் கட்டி எல்லார் கழுத்துலயும் தேச்ச அதே கட்டிதான், "அண்ணா படிகாரம் வேணாம், தண்ணி மட்டும் அடிங்க"ன்னு சொல்லிடுங்க. ஹெல்மெட் ஸ்ட்ராப்பயும் அப்பப்ப சோப்பு போட்டுத் துடைங்க.

மெடிக்கல் ஷாப்ல படைக்குக் குடுக்குற ட்யூப் வாங்காதீங்க. பல ட்யூப்ல ஸ்டீராய்டு இருக்கு, முதல்ல சிவப்பு இறங்கும், அப்புறம் உள்ள பரவி வரும்.

எப்ப டாக்டர்: பொரி பெருசாகி தொட்டா சூடா வலிக்குது, சிவப்பு சுத்திப் பரவுது, ஷேவ் பண்ணாத இடத்துலயும் வருது, மஞ்சளா பொருக்கு கட்டுது, இதுல ஏதாவது இருந்தா போங்க. காய்ச்சலோ சிவப்புக் கோடோ வந்தா அன்னைக்கே. சர்க்கரை இருக்குறவங்க காத்திருக்கவே கூடாது. மச்சானுக்கு மத்ததெல்லாம் அமுங்கி ஒண்ணு மட்டும் கல்லு மாதிரி ஆச்சு, ஸ்டான்லி ஸ்கின் ஓபிக்குப் போனான், மாத்திரை குடுத்தாங்க. அமுக்கி எடுக்க வேணாம்னும் சொன்னாங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு அக்கா கால்ல வேக்சிங் பண்ணா இதே வருதுன்னு கேட்டாங்க. வேக்ஸ முடி வளர்ற பக்கம் தடவி எதிர்ப்பக்கம் இழுக்கணும், தோலோட ஒட்டினாப்ல. மேல் நோக்கி தூக்கினா முடி வேரோட வராம ஒடஞ்சு, அந்த துண்டுதான் உள்ள குத்துது. பார்லர்ல கால்ல தடவின குச்சிய திரும்ப அதே டப்பால விட்டா எழுந்து வந்துடுங்க. ஒரு நாள் ரெண்டு நாள் டைட் லெக்கிங்ஸ், ஜிம், நீச்சல் வேணாம்.

இன்னொரு அப்டேட்: ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் போகல, நெஞ்சு முதுகுல எல்லாம் ஒரே சைஸ்ல அரிக்குதுன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். அது ஈஸ்ட் பூஞ்சையால வர்றதா இருக்கலாம், ஆன்டிபயாடிக் அத இன்னும் கூட்டும், ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டி பூஞ்சை மருந்து தேவையானு கேளுங்க.