ஏ.எச்.யூ புளோயருக்கு வி.எஃப்.டி: ஊட்டிக் குளிரில் குறைந்தபட்ச வேகத்தை எப்படி முடிவு செய்வது

ஊட்டியில் ஒரு ஓட்டலின் கூட்ட அரங்கு. 120 பேர் உட்காரலாம், 2,400 சதுர அடி. பின்னால் ஒரு சின்ன அறையில், அரங்குக்குக் காற்றைத் தள்ளும் பெட்டியான ஏ.எச்.யூ இருக்கிறது. 5 எச்.பி மோட்டார் பெல்ட் போட்டு புளோயரைச் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 8,000 கன அடி காற்று. புளோயருக்கு அடுத்து மின்சார ஹீட்டர். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் அந்த ஹீட்டர் இல்லாமல் அங்கே கூட்டம் நடத்த முடியாது. பத்துப் பேர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும் புளோயர் முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்தான் வி.எஃப்.டி. அதை இங்கே பொருத்திய வேலையை வைத்தே இதைச் சொல்கிறேன். வயரிங் பாதி நாள் வேலை. குறைந்தபட்ச வேகத்தை முடிவு செய்யத்தான் இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

டிரைவ் எந்த அளவு?

மோட்டாரின் நேம்பிளேட்டைப் பாருங்கள். குதிரைத்திறனை விட ஆம்பியர் முக்கியம். இங்கே 7.6 ஆம்பியர். கடையில் 5 எச்.பி டிரைவ் என்று கேட்டால் 9 ஆம்பியர் டிரைவ் ஒன்றைக் கொடுப்பார்கள். கோயம்புத்தூரில் அது போதும். ஆனால் டிரைவில் எழுதியிருக்கும் ஆம்பியர் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் செல்லும். அதற்கு மேல் காற்று மெல்லியதாகிவிடுவதால் டிரைவின் சூட்டை அது சரியாக எடுத்துக்கொண்டு போகாது. பெரும்பாலான கம்பெனிகள் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் கழிக்கச் சொல்கின்றன. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர். 12 சதவீதத்துக்கு மேல் கழித்தால் 9 ஆம்பியர் டிரைவ் 7.9 ஆம்பியர் டிரைவாகிவிடும். மோட்டாருக்கும் டிரைவுக்கும் இடையில் இடமே இல்லை. அதனால் அடுத்த அளவு, 7.5 எச்.பி டிரைவ் வாங்கினோம். கழிவு விவரம் டிரைவோடு வரும் புத்தகத்தில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

டிரைவை வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மூடுபனி நாட்களில் ராத்திரி நிறுத்திவைத்த பேனலுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும், காலையில் ஆன் செய்ததும் டிரைவ் போய்விடும். பேனலுக்குள் ஒரு சின்ன ஸ்பேஸ் ஹீட்டர் வைத்து, டிரைவ் நிற்கும்போது அது ஓடுகிற மாதிரி செய்யுங்கள்.

வயரிங்

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கட்டும்.

பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். சிலர் அதை அப்படியே விட்டு, அதற்கு முன்னால் டிரைவை மாட்டுகிறார்கள். ஓடும் டிரைவின் வெளிப்பக்கத்தில் காண்டாக்டர் மாறி மாறி விழுந்தால் டிரைவ் டிரிப் ஆகும், அல்லது எரிந்தே போகும். மோட்டார் டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருக்கும். நேம்பிளேட்டில் 415 வோல்ட் டெல்டா என்று இருந்தால் மூன்று பித்தளைத் தகடுகளையும் நெட்டாக, மேலும் கீழுமாகப் போட வேண்டும். படுக்கையாகப் போட்டால் அது ஸ்டார்.

மெயின் லைன் ஆர், எஸ், டி முனைகளுக்கு. மோட்டார் யூ, வி, டபிள்யூ முனைகளுக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் சுவிட்ச் போட்ட நொடியிலேயே டிரைவ் போய்விடும். மோட்டாரின் இன்சுலேஷனை மெகர் வைத்துச் சோதிப்பதாக இருந்தால் டிரைவிலிருந்து கேபிளைக் கழற்றிய பிறகுதான். அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும். டிரைவ் மேல் எழுதியிருக்கும் நிமிடக் கணக்குக்குக் காத்திருங்கள்.

அடுத்து சுழலும் திசை. 5 ஹெர்ட்ஸில் சில நொடி ஓட்டி, பெல்ட் கார்டு வழியாகப் புல்லி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பாருங்கள். காற்று வருகிறதே என்று நம்பக் கூடாது. சென்ட்ரிபியூகல் புளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியாகத்தான் வரும், அளவு மட்டும் குறைவாக இருக்கும். திசை தப்பாக இருந்தால் டிரைவின் வெளிப்பக்கம் யூ, வி இரண்டையும் மாற்றுங்கள். உள்ளே வரும் லைனை மாற்றிப் பயனில்லை, டிரைவுக்கு அது ஒன்றுதான்.

செட்டிங்கில் நேம்பிளேட் விவரங்களைப் போட்டு, லோடு வகையாக ஃபேனைத் தேர்ந்தெடுங்கள். ஏறும் நேரம் 30 நொடி, இறங்கும் நேரம் 60 நொடி. புளோயர் கனமானது, சீக்கிரம் நிறுத்தப் பார்த்தால் ஓவர்வோல்டேஜ் என்று டிரிப் ஆகும். கரண்ட் போய் உடனே வந்தால் புளோயர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் சுற்றும் மோட்டாரைப் பிடித்து எடுக்கும் ஃப்ளையிங் ஸ்டார்ட் வசதியையும் ஆன் செய்துவிடுங்கள்.

இப்போது குறைந்தபட்ச வேகம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குன்னூரில் ஒரு இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். டிரைவ் மாட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. கரண்ட் மிச்சமாகட்டும் என்று யாரோ குறைந்தபட்சத்தை 15 ஹெர்ட்ஸ் என்று வைத்துவிட்டார்கள். டக்ட் கதவைத் திறந்தேன். ஹீட்டர் ஃபிரேமை ஒட்டிய இன்சுலேஷன் ஒரு கை அகலத்துக்குக் கருகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. சூடு எல்லை மீறினால் ஹீட்டரை அணைக்கும் ஹைலிமிட் தெர்மோஸ்டாட் வேலை செய்ததால் தீப்பிடிக்கவில்லை. அன்றிலிருந்து இந்தக் கணக்கைப் போடாமல் எந்த ஏ.எச்.யூவையும் நான் விடுவதில்லை.

குறைந்தபட்ச வேகத்துக்கு ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. ஹீட்டர் ஒரு எண் சொல்லும், வெளிக்காற்று ஒரு எண் சொல்லும், மோட்டார் ஒரு எண் சொல்லும். அவற்றில் எது பெரியதோ அதுதான் உங்கள் எண்.

முதலில் ஹீட்டர். ஹீட்டரின் தட்டில் அல்லது தாளில், அதன் முகத்தில் குறைந்தது எவ்வளவு காற்று வேகம் வேண்டும் என்று இருக்கும். இங்கே விநாடிக்கு 1.2 மீட்டர். முழு வேகமான 50 ஹெர்ட்ஸில், காற்று வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் வைத்து ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுத்தேன்: 3.5 மீட்டர். காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் குறையும் என்பதால், 17 ஹெர்ட்ஸ் போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 1.2 கடல்மட்டக் காற்றுக்குச் சொன்னது. 20 டிகிரியில் கடல்மட்டக் காற்று ஒரு கன மீட்டர் 1.2 கிலோ, ஊட்டியில் ஏறக்குறைய 0.92 கிலோதான், அதாவது 77 சதவீதம். ஹீட்டரின் சூட்டை எடுத்துக்கொண்டு போவது காற்றின் எடை. எடை குறைந்த காற்று இன்னும் வேகமாகப் போனால்தான் அதே சூட்டை எடுக்கும். எனவே 1.2-ஐ 0.77-ஆல் வகுக்க வேண்டும்: 1.56 மீட்டர்.

```
50 × 1.56 ÷ 3.5 = 22.3 Hz
```

17-க்கும் 22-க்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து ஹெர்ட்ஸ்தான் மலை.

அடுத்தது வெளிக்காற்று. காற்றோட்டத்துக்கான ஆஷ்ரே 62.1 என்ற அமெரிக்கத் தரத்தில் கூட்ட அறைக்கு ஆளுக்கு 5 சி.எஃப்.எம், அதாவது நிமிடத்துக்கு 5 கன அடி, சதுர அடிக்கு 0.06 சி.எஃப்.எம். 120 பேருக்கு 600, தரைக்கு 144, மொத்தம் 744. வெளிக்காற்று டேம்பர் ஒரே இடத்தில் நிற்பது. புளோயர் வேகம் குறைந்தால் அதன் வழியாக வரும் காற்றும் குறையும். 50 ஹெர்ட்ஸில் 1,400 அளந்தேன். கணக்குப்படி 27 ஹெர்ட்ஸில் 756 வர வேண்டும். 28-ல் வைத்து அளந்தால் 700-தான் வந்தது. பள்ளத்தாக்குப் பக்கமிருந்து அடித்த காற்று லூவரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. 30-ல் 760. கணக்குப் போடுங்கள், ஆனால் அந்த வேகத்தில் வைத்து அளந்தும் பாருங்கள்.

மோட்டாரைப் பற்றிப் பலர் பயப்படுவார்கள். வேகம் குறைந்தால் அதன் வாலில் இருக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடாகாதா என்று. புளோயரின் சுமை வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால் 30 ஹெர்ட்ஸில் மோட்டார் தரும் டார்க் முழு அளவில் 36 சதவீதம்தான். சூடு வருவதே குறைவு. 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

ஆக ஹீட்டர் 22.3 என்றது, வெளிக்காற்று 30 என்றது. 30 ஹெர்ட்ஸ் என்று பூட்டினோம். மின்சாரம் வேகத்தின் மூன்றாம் படியில் குறையும் என்பதால் அந்த வேகத்தில் புளோயர் இழுப்பது முழு அளவில் ஏறக்குறைய 22 சதவீதம். 20-க்கு இறக்கினால் இன்னும் 15 சதவீதம்தான் மிச்சம். அதற்காகக் கூட்டத்தை மூச்சு முட்ட வைக்க வேண்டியதில்லை.

ஹீட்டர் இன்டர்லாக்: இதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்

பழைய ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் வழியாகத்தான் ஹீட்டருக்கு அனுமதி போயிருக்கும். அதைக் கழற்றியதும், டிரைவில் இருக்கும் ரன் ரிலேயை அந்த இடத்தில் கொடுத்துவிடத் தோன்றும். அது மட்டும் போதாது. 5 ஹெர்ட்ஸில் ஓடினாலும், பெல்ட் அறுந்து மோட்டார் மட்டும் சுற்றினாலும் அந்த ரிலே ஓடுகிறது என்றே சொல்லும். உண்மையில் காற்று போகிறதா என்று சொல்வது புளோயரின் இரு பக்க அழுத்த வித்தியாசத்தைப் பார்க்கும் டி.பி. சுவிட்ச்தான். அதையும் ரன் ரிலேயையும் ஹைலிமிட்டையும் வரிசையாகக் கோக்க வேண்டும்.

டி.பி. சுவிட்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் விழும். இங்கே 50 ஹெர்ட்ஸில் 50 மி.மீ. நீர்மட்டம், 30 ஹெர்ட்ஸில் 18 மி.மீ.தான். சுவிட்ச் பழையபடி 20-ல் இருந்தது. அப்படியே விட்டால் 32 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹீட்டர் அணைந்துவிடும், கூட்டம் குளிரில் நடுங்கும், யாராவது ஒரு துண்டு வயரைப் போட்டு சுவிட்சை பைபாஸ் செய்துவிடுவார்கள். குன்னூரில் நடந்தது அதுதான். பைபாஸ் வயரை நானே கழற்றினேன். இங்கே சுவிட்சை 12-க்கு இறக்கினோம். அது 24.5 ஹெர்ட்ஸில் விழும். ஹீட்டரின் எல்லையான 22.3-க்கு மேலேயே ஹீட்டர் அணைந்துவிடும், 30-ல் தொல்லை தராது.

சோதிக்கும் முறை இது. ஹீட்டரின் மெயின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு கண்ட்ரோல் கரண்டை மட்டும் விடுங்கள். குறைந்தபட்ச வேகத்தைத் தற்காலிகமாக 10 ஆக்கி, ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறக்குங்கள். ஹீட்டர் காண்டாக்டர் எந்த எண்ணில் டக்கென்று விழுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இறக்கும்போதே காதையும் கொடுங்கள். எங்களுக்கு 37-ல் பெட்டியின் தகடு அதிர்ந்து கத்தியது, அந்த எண்ணைத் தாண்டிப் போகும்படி ஸ்கிப் ஃப்ரீக்வென்சி வைத்தோம். ஃபில்டரின் பாதியை அட்டையால் மூடி, 30 ஹெர்ட்ஸில் ஹீட்டர் முகத்தில் காற்று 1.56-க்கு மேலேயே நிற்கிறதா என்று அனிமோமீட்டர் வைத்து ஒரு முறை பாருங்கள். ஹீட்டர் அணைந்த பிறகு புளோயர் 3 நிமிடம் ஓடி நிற்கும்படி டைமரும் வேண்டும்.

ஓட்டலின் எலக்ட்ரீஷியன் தம்பி கடைசியில் ஒன்று கேட்டார்: "அண்ணா, 50-லயே அஞ்சரை ஆம்ப்ஸ்தான் காட்டுது. 55-ல ஓட விடலாமா?" ஆம்பியர் குறைவாக இருப்பது காற்று மெல்லியதாக இருப்பதால். 55-ல் சுமை 33 சதவீதம் ஏறும், புளோயர் சக்கரத்துக்கு அனுமதித்த வேகத்தையும் தாண்டிவிடலாம். அதனால் அதிகபட்சம் 50, குறைந்தபட்சம் 30 என்று டிரைவில் பாஸ்வேர்டு போட்டு, இரண்டு எண்ணையும் அவற்றின் காரணத்தையும் மார்க்கரால் எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வந்தோம்.