பராமரிப்பாளர் கூட்டக் குறிப்பு: பெயரை அடித்த பின்னும் ஆள் தெரியும் இடங்கள்

மறதி நோயோ மனநோயோ உள்ள உறவினரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கூடிப் பேசியதை, வர இயலாதவர்களுக்காக ஒலிப்பதிவிலிருந்து குறிப்பாக எழுதித் தருபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணுவதாகும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் போன்ற கரையூர்களில் யார் வீட்டில் யாருக்கு உடல்நிலை சரியில்லை என்பது தெருவுக்கே ஓரளவு தெரிந்திருக்கும் என்பதால், பெயரில்லாத இரண்டு விவரங்கள் சேர்ந்தாலே ஆள் பிடிபட்டுவிடுவார். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: பேசியவர் பதிவுக்குச் சம்மதித்திருக்கலாம், யாருடைய நோயைப் பற்றிப் பேசினாரோ அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை, அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இதற்கெனப் புனைந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பெண் இப்படிச் சொல்கிறார் என்று கொள்வோம்: “மாமியாருக்கு எல்லாம் மறந்துபோச்சு. எங்க வீட்டுக்காரக இலங்கைச் சிறையில இருக்காக. நான் பாசி எடுக்கப் போறப்ப வீட்டைப் பூட்டிட்டுத்தான் போறேன். ஒருநாள் எப்படியோ வெளியேறி பாலத்துப் பக்கம் போயிட்டாக.”

இதை எழுதுபவர் முதலில் பெயருக்குப் பதிலாக முதலெழுத்தையும் ஊரையும் இடுவார். சிறைப்பட்ட மீனவர்களின் பெயரும் ஊரும் செய்தித்தாளில் வந்துவிடுவதால், இது பெயரை எழுதியதற்குச் சமம். பிறகு ஊரையும் எழுத்தையும் நீக்குவார். ஆனால் சிறையில் கணவர், பாசித் தொழில், மறதியுள்ள மாமியார் என்ற மூன்றும் பொருந்தும் வீடுகள் இந்தக் கரையில் எத்தனை இருக்கும் என்று கேட்டுப் பார்த்தால், விரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இராது. அடுத்ததாகச் சிலர் மாமியாரைத் தாயாகவும் சிறையை வெளிநாட்டு வேலையாகவும் மாற்றி எழுதுவார்கள். இதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் வழி. மாற்றிய விவரம் தற்செயலாக வேறொரு வீட்டுக்குப் பொருந்தினால், பேசாத குடும்பத்தின் மீது பேச்சு விழும். ஆகவே எழுதக் கூடாத விவரத்தை விட்டுவிட வேண்டுமே தவிர, திரித்து எழுதக் கூடாது.

எஞ்சுவது இவ்வளவுதான்: “வீட்டில் வேறு பெரியவர் இல்லாத நேரத்தில் வேலைக்குச் செல்ல நேர்ந்தால், மறதி நோயுள்ளவர் வெளியேறிவிடுவாரோ என்ற அச்சம் பேசப்பட்டது. உள்ளே வைத்துப் பூட்டுவது தீ விபத்து நேர்ந்தால் ஆபத்து என்பதால், கதவில் மணி கட்டுவது, உடையில் தொலைபேசி எண் தைப்பது, அண்டை வீட்டாருடன் நேரத்தைப் பங்கிடுவது ஆகியவை பரிசீலிக்கப்பட்டன.” பூட்டியது யார் என்பது மறைந்துவிட்டது, பூட்டும் நிலை ஏன் வருகிறது, அதற்கு மாற்று என்ன என்பவை நிலைத்திருக்கின்றன.

எல்லா உள்ளூர் விவரங்களையும் துடைத்தெறிவதும் தவறே. “உறுப்பினர்கள் தங்கள் சிரமங்களைப் பகிர்ந்துகொண்டனர்” என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குச் செல்லும் ஆண்கள் வீட்டில் இருப்பதால் இரவுக் கண்காணிப்பைப் பகிர முடிகிறது, ஆனால் வருமானம் நின்று மருந்து வாங்குவது தள்ளிப்போகிறது என்று கூட்டத்தில் பேசப்பட்டிருந்தால், அதை அப்படியே எழுதலாம். அது பல குடும்பங்களின் நிலை. பலருக்குப் பொதுவானதை வைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதை விடுவதே அளவுகோல்.

“பேச்சாளர் 1”, “பேச்சாளர் 2” என்று எண்ணிட்டு எழுதுவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் மூன்றாம் எண்ணுக்குரியவர் தொடக்கத்தில் சொன்ன தொழிலும், இடையில் சொன்ன மருத்துவமனையும், கடைசியில் சொன்ன நாத்தனார் தகராறும் ஒரே எண்ணின் கீழ்ச் சேர்ந்து ஒரு முழு ஆளை உருவாக்கிவிடும். பேசியவர் வரிசையை உடைத்து, உறக்கம், மருந்து, பணம், உறவினர் ஒத்துழைப்பு எனப் பொருள்வாரியாகத் தொகுப்பதே இதற்கு வழி. ஒருவர் மட்டுமே சொன்னதைப் “பலர் கூறினர்” என்று பெருக்கவும் வேண்டாம், “ஒருவர் கூறினார்” என்று சுட்டவும் வேண்டாம். “பேசப்பட்டது” என்பது உண்மைக்குப் பொருந்தும். சொன்னபடியே மேற்கோள் காட்டுவதையும் தவிர்க்கலாம், ஏனெனில் கீழக்கரைப் பேச்சும் பாம்பன் பேச்சும் கேட்டவுடன் பிரித்தறியப்படுபவை.

அடிப்பது, தற்கொலை எண்ணம் போன்றவை பதிவில் வந்தால், அவற்றுக்கு இடம் குறிப்பு அன்று. ஒருங்கிணைப்பாளர் அன்றே அதைச் சொன்னவரிடம் தனியாகப் பேச வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை மட்டும் எல்லோருக்குமான தகவலாகக் குறிப்பின் கீழே இடலாம்.

வரைவு முடிந்ததும், பேசியவர்களுக்கு அவரவர் பகுதியைத் தனித்தனியே படித்துக் காட்டி, நீக்கச் சொல்வதைக் காரணம் கேட்காமல் நீக்க வேண்டும். “யார் என்று தெரிகிறதா?” என்று வெளியாளிடம் காட்டிச் சோதிப்பது, அந்தச் சோதனையிலேயே ரகசியத்தை உடைத்துவிடும். பதிவை வீட்டில் ஒலிபெருக்கியில் ஓடவிடாமல் காதில் மாட்டிக் கேட்க வேண்டும். குறிப்பு ஏற்கப்பட்டவுடன், கைப்பேசியிலும் அதன் குப்பைத் தொட்டியிலும், அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலிலும், தானாகச் சேமித்திருக்கும் கூகுள் டிரைவிலும் உள்ள படிகளை அழித்து, பெற்றுக்கொண்டவர்களின் கைப்பேசிகளிலும் அழிக்கப்பட்டதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.