ஆஃபரில் கையெழுத்துப் போட்டாச்சு, விசா பற்றி நிறுவனத்துக்கு எப்படி எழுதுவது?

ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. “விசாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று எச்.ஆர். சொல்லிவிட்டார். அதன் பிறகு பத்து நாள் சத்தமே இல்லை. இந்த இடத்தில் பலரும் “விசா எப்போது வரும்?” என்று ஒரு வரி மெயில் போடுவார்கள். “செயல்பாட்டில் இருக்கிறது” என்று ஒரு வரி பதில் வரும். இரண்டு பக்கமும் எதுவும் நகராது.

உருப்படியான பதில் வரவேண்டுமென்றால், நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்ததைக் கேட்க வேண்டும். அதற்கு முன் உங்கள் பக்கத்துத் தேதிகளை நீங்களே கணக்குப் போட்டுவிட வேண்டும். எந்த நாட்டு விசாவுக்கும் இதுதான் முறை. ஆனால் விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவை மட்டும் எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து முதல்முறை போகிறவருக்கானது இது.

முதல் படி: எழுதுவதற்கு முன் இரண்டு விஷயம்

ஒன்று, வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஸ்பான்சர் லைசென்ஸ் நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே gov.uk தளத்தில் வெளியிடுகிறது. ஆஃபர் கடிதத்தில் இருக்கும் சட்டப்பூர்வப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கடைப்பெயர் வேறு, பதிவுப்பெயர் வேறாக இருக்கும். பெயர் இல்லையென்றால் கடிதத்தின் முதல் கேள்வியே அதுதான்.

இன்னொன்று, ‘சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்’ என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். சி.ஓ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெயர்தான் சர்டிஃபிகேட், கையில் வாங்கும் காகிதம் அல்ல. அரசின் கணினியில் உங்கள் பெயரில் நிறுவனம் பதிவு செய்யும் விவரம், அதற்கு ஒரு எண். அந்த எண் வந்தால்தான் நீங்கள் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். இதில் இரண்டு வகை உண்டு. பிரிட்டனுக்கு வெளியே இருந்து ஸ்கில்டு வொர்க்கர் விசா கேட்பவருக்கு ‘டிஃபைன்ட்’ வகை வேண்டும். அதை ஒவ்வொருவருக்கும் தனியாக அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ‘அன்டிஃபைன்ட்’. அதை நிறுவனம் ஆண்டு ஒதுக்கீட்டாக மொத்தமாக வைத்திருக்கும்.

இது ஏன் தெரிந்திருக்க வேண்டும்? “எங்களிடம் இந்த ஆண்டு ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறது, உடனே தந்துவிடுவோம்” என்று பதில் வந்தால், உங்களை உள்நாட்டு ஆளாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று புரியும். தப்பான வகையில் கொடுத்துவிட்டால் விண்ணப்பமே அடிபட்டுப் போகும்.

இரண்டாம் படி: தேதிக் கணக்கு

இதுதான் முக்கியமான வேலை. ஒரு சிவில் இன்ஜினியரை எடுத்துக்கொள்வோம். ஜூன் 5-ஆம் தேதி ஆஃபரில் கையெழுத்துப் போட்டார். சேரும் தேதி செப்டம்பர் 1. இப்போதைய வேலையில் நோட்டீஸ் பீரியட் 60 நாள். விசா கைக்கு வருவதற்கு முன் ராஜினாமா கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். நானும் அதைத்தான் சொல்வேன்.

அவருக்கு ஜூன் 19-இல் சி.ஓ.எஸ். எண் கிடைக்கிறது என்று வைப்போம். ஜூன் 22-இல் விண்ணப்பிக்கிறார். கைரேகை கொடுக்க ஜூன் 29-இல் நேரம் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் விண்ணப்பங்களுக்கு அதிலிருந்து வழக்கமாக 3 வாரம். அப்படியானால் ஜூலை 20. அன்றே ராஜினாமா கொடுத்தாலும் 60 நாள் முடிய செப்டம்பர் 18 ஆகிவிடும். ஆஃபரில் உள்ள செப்டம்பர் 1 எந்தக் காலத்திலும் நடக்காது. அதுவும் எல்லாமே தடங்கலில்லாமல் நடந்தால்தான் இந்தக் கணக்கு.

சரி, தேதியைத் தாராளமாக அக்டோபர் கடைசிக்குத் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வேலை தொடங்கும் தேதிக்கு 3 மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. தேதியைத் தள்ளத் தள்ள, விண்ணப்பிக்கும் நாளும் பின்னால் போகும். 3 மாதத்தில் கைரேகைக்கு ஒரு வாரம், முடிவுக்கு 3 வாரம், நோட்டீஸுக்கு 60 நாள் என்று கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது மூன்று நான்கு நாள்தான். 90 நாள் நோட்டீஸ் உள்ளவருக்குக் கணக்கே உதைக்கும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, எச்.ஆர். பலருக்கே இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. சி.ஓ.எஸ்.-இல் உள்ள தேதியிலேயே சேர்ந்தாக வேண்டும் என்று இல்லை. விசா கிடைத்தவர் 28 நாள் வரை தாமதமாகச் சேரலாம். அதற்கும் மேல் தள்ளினால் நிறுவனம் அரசுக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும். பழைய வேலையின் நோட்டீஸ் பீரியட் ஏற்றுக்கொள்ளப்படும் காரணங்களில் ஒன்று. ஆகவே நம் இன்ஜினியர் சி.ஓ.எஸ்.-இல் செப்டம்பர் 21 என்று போடச் சொல்லிவிட்டு, செப்டம்பர் 28-இல் சேர அனுமதி கேட்கலாம். ஜூன் 22-இல் விண்ணப்பிப்பதும் கெடாது, ஊர் மாற ஒரு வாரமும் கிடைக்கும்.

இந்தக் கோரிக்கை சி.ஓ.எஸ். பதிவாவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். கடிதத்தை இந்த வாரமே எழுதச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம் படி: யாருக்கு அனுப்புவது

ஆஃபர் அனுப்பிய எச்.ஆர். ஆளுக்கு. உங்கள் வருங்கால மேலாளருக்கு அல்ல. அவருக்கு விசா விவரம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, “எல்லாம் ஆகிவிடும்” என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிடுவார். பல நிறுவனங்கள் இந்த வேலையை வெளியில் ஒரு சட்ட அலுவலகத்திடம் விட்டிருக்கும். அதனால் “யாரிடம் நேரடியாகப் பேச வேண்டும்” என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: கடிதம்

புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். நிறுவனத்தின் மொழியில் இதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.

> பொருள்: விசா ஸ்பான்சர்ஷிப், காலவரிசையும் ஆவணங்களும் (சிவில் இன்ஜினியர், சேரும் தேதி செப்டம்பர் 1)
>
> வணக்கம்.
>
> ஜூன் 5-ஆம் தேதி ஆஃபரில் கையெழுத்திட்டு அனுப்பினேன். என் பக்கத்து ஏற்பாடுகளைத் தொடங்குவதற்காகச் சில விவரங்கள் தேவைப்படுகின்றன.
>
> நான் பிரிட்டனுக்கு வெளியே இருந்து விண்ணப்பிக்கிறேன். எனக்கான டிஃபைன்ட் சி.ஓ.எஸ். கோரிக்கை அனுப்பப்பட்டுவிட்டதா? இல்லையென்றால் எந்தத் தேதிவாக்கில் அனுப்புவீர்கள்?
>
> எனக்கு 60 நாள் நோட்டீஸ் பீரியட் உள்ளது. விசா கிடைத்த பிறகே ராஜினாமா கொடுக்க இயலும். ஜூன் 22-இல் விண்ணப்பித்தால், என் கணக்குப்படி செப்டம்பர் 18-க்குப் பிறகுதான் விடுபடுவேன். சி.ஓ.எஸ்.-இல் தொடங்கும் தேதியைச் செப்டம்பர் 21 என்று குறிப்பிட முடியுமா? நான் செப்டம்பர் 28-இல் சேர்ந்தால் உங்களுக்குச் சம்மதமா?
>
> முதல் மாதப் பராமரிப்புச் செலவுக்கு சி.ஓ.எஸ்.-இல் நீங்கள் உறுதி அளிப்பீர்களா, அல்லது நான் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டுமா? விசாக் கட்டணம், சுகாதாரக் கட்டணம் ஆகியவற்றில் எவற்றை நிறுவனம் ஏற்கிறது?
>
> பாஸ்போர்ட் விவரப் பக்கத்தை இணைத்துள்ளேன். சி.ஓ.எஸ்.-இல் என் பெயர் அதில் உள்ளபடியே வரவேண்டும். இவை தவிர உங்களுக்கு என்னென்ன ஆவணங்கள் தேவை? விசா தொடர்பாக நான் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும்?
>
> நன்றி.

கவனித்தீர்களா, “விசா கிடைக்குமா?” என்று எங்கேயும் கேட்கவில்லை. அதற்கு நிறுவனத்தால் உறுதி தர முடியாது. கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும், அந்த மழுப்பல் மற்ற கேள்விகளின் மேலும் படியும்.

பராமரிப்புச் செலவு பற்றிய வரி சின்னதாகத் தெரியும், ஆனால் ஒரு மாதத்தைத் தின்றுவிடக் கூடியது அதுதான். நிறுவனம் உறுதி அளிக்காவிட்டால் உங்கள் கணக்கில் 1,270 பவுண்ட் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்த 28-ஆவது நாள் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் விழ வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்காமல் பணத்தை இன்றே போட்டு வையுங்கள்.

கட்டணம் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. விசாக் கட்டணத்தை நீங்களே கட்டச் சொல்வது சாதாரணம். ஆனால் சி.ஓ.எஸ். கட்டணத்தையோ, ‘இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ்’ என்பதையோ உங்களிடம் கேட்டால் அது விதிக்குப் புறம்பு. அவை நிறுவனம் ஏற்க வேண்டியவை. “சி.ஓ.எஸ்.-க்கு இவ்வளவு அனுப்புங்கள்” என்று யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த ஆளையும் நிறுவனத்தையும் முதலிலிருந்து சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: காத்திருக்கும்போது

நிறுவனத்தைச் சாராத ஆவணங்கள் சில உண்டு. காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படும் நாட்டில் நீங்கள் வசித்தால், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் இப்போதே நேரம் வாங்குங்கள். சான்றிதழ் 6 மாதம் செல்லும். ஆங்கிலத் திறனுக்கு எந்தச் சான்று காட்டப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். மருத்துவம், கல்விப் பணிகளாக இருந்தால் குற்றப் பின்னணிச் சான்றிதழும் கேட்பார்கள், அது கைக்கு வர நாளாகும்.

ஐந்து வேலை நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குப் பதில் போட்டு நினைவூட்டுங்கள். புது மெயில் வேண்டாம், பழைய தேதி கீழேயே தெரியட்டும். எல்லாக் கேள்வியையும் திரும்பக் கேட்காமல், “சி.ஓ.எஸ். கோரிக்கை எந்தத் தேதியில் போகும்?” என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். டிஃபைன்ட் கோரிக்கைக்கு அரசின் ஒப்புதல் பெரும்பாலும் ஒரு வேலை நாளிலேயே வந்துவிடும். கூடுதல் சரிபார்ப்பு இருந்தால்தான் இழுக்கும். எனவே “அரசிடம் மூன்று வாரமாக நிற்கிறது” என்றால், எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. அநேகமாக அனுப்பியே இருக்க மாட்டார்கள்.

ஆறாம் படி: எண் வந்த அன்று

எண் பதிவான நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவசரத்தில் உடனே விண்ணப்பத்தைத் திறந்துவிடாதீர்கள். எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால் முழு விவரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் எண், பெயர், பிறந்த தேதி, வேலைக் குறியீடு, சம்பளம், தொடங்கும் தேதி, பராமரிப்பு உறுதி ஆகியவற்றை ஆஃபர் கடிதத்தோடு வைத்து வரிவரியாகப் பாருங்கள். நம் இன்ஜினியர் விஷயத்தில் தேதி இன்னமும் செப்டம்பர் 1 என்றே இருந்தால், அந்தக் கணமே கடைசியாக ஒரு மெயில்: “நாம் பேசியது 21. விண்ணப்பிப்பதற்கு முன் இதைத் திருத்தித் தர முடியுமா? இல்லையென்றால், 28-இல் சேர்வது உங்களுக்குச் சம்மதம் என்று எழுத்தில் உறுதி செய்கிறீர்களா?” செப்டம்பர் 1-இலிருந்து 28 நாள் என்பது 29-இல் முடிகிறது, ஒரே ஒரு நாள்தான் இடைவெளி. கைரேகைக்கு நேரம் கிடைப்பது இரண்டு நாள் தள்ளிப்போனாலும் அது போய்விடும். திருத்தம் வந்த பிறகு விண்ணப்பத்தைத் திறந்தால் போதும்.