சாலை கடக்கும் குழந்தைகளுக்கான ஒன்றரை நிமிட அனிமேஷன் படம்: திரைக்கதை எழுதும் முறை

சிறு குழந்தைகளுக்கான சாலைப் பாதுகாப்புப் படங்களின் திரைக்கதைகளில் பெரும்பாலும் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: 'நிலா இருபுறமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடக்கிறாள்.' இந்த வரியை அப்படியே அனிமேட்டரிடம் கொடுத்தால், நிலாவின் தலை அரை நொடியில் ஒரு பக்கமும் அடுத்த அரை நொடியில் மறுபக்கமும் திரும்பும். பிறகு அவள் நடந்துவிடுவாள். படத்தைப் பார்க்கும் குழந்தை கற்றுக்கொள்வது தலையை ஆட்டுவதை மட்டுமே. எதைப் பார்ப்பது, பார்த்ததை வைத்து என்ன முடிவெடுப்பது என்பவை அந்த வரியில் இல்லை. ஆகவே இந்தச் செய்முறையில் அந்த ஒரு வரியைத்தான் விரித்து எழுதப் போகிறோம். பாத்திர வடிவமைப்பு, வண்ணம், பின்னணி இசை ஆகியவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றரை நிமிடப் படத்தில் சிக்னல், ஜீப்ரா கிராசிங், மேம்பாலம், இருட்டில் நடப்பது என்று எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் ஒரு தவறான கணிப்பை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு வண்டி எதுவும் தெரியாவிட்டால், அந்த இடத்தில் கடப்பது பாதுகாப்பானது என்று அவர்கள் நினைக்கிறார்கள். வளைவோ நிறுத்தப்பட்ட வேனோ சாலையை மறைப்பதால்தான் வண்டி தெரியவில்லை என்பது அவர்களுக்குத் தானாகத் தோன்றுவதில்லை. எனவே நம் படத்தின் நடத்தை இதுதான்: 'பார்வையை ஏதாவது மறைத்தால், மறைக்காத இடத்துக்குப் போய் நிற்க வேண்டும்.' திரைக்கதைக் கோப்பின் உச்சியில் இதை எழுதி வைத்துக்கொண்டு, இதற்கு உதவாத காட்சிகளை நீக்கிவிடுங்கள்.

இந்த வயதுக் குழந்தை சாலையைத் தனியாகக் கடப்பதாகக் காட்டக் கூடாது. வேகமாக வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதை அவர்களின் கண்ணால் இன்னும் சரியாகக் கணிக்க முடியாது. ஆகவே நிலாவுடன் பாட்டி இருக்கிறார். கடக்கும் நேரம் முழுவதும் இருவர் கைகளும் கோத்திருக்க வேண்டும். ஆனால் 'மறைக்குதே' என்று கண்டுபிடிப்பது நிலாவாக இருக்கட்டும். பாட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் குழந்தைக்கு அங்கே செய்ய வேலை எதுவும் இருக்காது.

படி 2: விரிதாளில் எழுதுங்கள்

திரைக்கதைக்கென்றே உள்ள மென்பொருள்கள் நீண்ட கதைப்படங்களுக்குப் பயன்படலாம். இவ்வளவு சிறிய படத்துக்கு அவை இடைஞ்சலே. சாதாரண விரிதாளில் மூன்று நெடுவரிசைகள் போதும்: முதலாவதில் நொடிகள், இரண்டாவதில் படம், மூன்றாவதில் ஒலி. முதல் வரிசையில் தலைப்புகளை எழுதி, காட்சிகளை அதற்குக் கீழே அடுக்கிவிட்டு, கடைசியில் மொத்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்:

```
=SUM(A2:A8)
```

நமது ஏழு காட்சிகளின் நேரம் வருமாறு: வீதியோரம் வருதல் 10 நொடி, வேன் மறைத்தல் 14, ஜீப்ரா கிராசிங்குக்கு நடத்தல் 10, நின்று பார்த்தல் 24, வண்டிகள் நிற்கும்வரை காத்திருத்தல் 12, கடத்தல் 8, பார்வையாளருக்கான கேள்வி 12. மொத்தம் 90 நொடி. படத்தில் மிக நீளமான காட்சி எதுவுமே நடக்காததுபோல் தோன்றும் 'நின்று பார்த்தல்' என்பதைக் கவனியுங்கள். நேரத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 3: கேமரா எங்கே நிற்கிறது என்பதை எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிலா நம்மைப் பார்த்து நிற்பதுபோல் வரைந்தால், அவளுடைய வலப்பக்கம் திரையில் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். அவள் 'வலப்பக்கம் பார்' என்று சொல்லித் தலையைத் திருப்பும்போது, திரையில் தெரியும் திசையை அப்படியே பின்பற்றும் குழந்தை இடப்பக்கம் திரும்பும். சொல் ஒரு பக்கமும் செயல் மறுபக்கமுமாகப் போய்விடும். இதைத் தவிர்க்க, பார்க்கும் காட்சிகளில் கேமராவை நிலாவுக்குப் பின்னால், அவள் கண் உயரத்தில் வைக்குமாறு எழுத வேண்டும். அப்போது அவளுடைய வலம்தான் நமக்கும் வலம்.

கண் உயரம் என்று மட்டும் எழுதினால் போதாது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று குறிப்பிடுங்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் நிறுத்தப்பட்ட வேன் சாலை முழுவதையும் விழுங்கிவிடுவது தெரியும். பெரியவர்களின் கண் உயரத்தில் கேமரா இருந்தால், சிறிய வண்டிகளின் கூரைக்கு மேலாகச் சாலை தெரிந்துவிடும். நிலா ஏன் இடம் மாறுகிறாள் என்பதே புரியாது. வானிலிருந்து பார்க்கும் காட்சி பெரியவர்களுக்கு விளக்கமாகத் தோன்றினாலும், அதைத் தன் முன்னால் இருக்கும் தெருவோடு பொருத்திப் பார்ப்பது இந்த வயதில் கடினம். நான் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது? வண்டிகள் இடப்பக்கமாக ஓடும் நாடுகளில், நிற்கும் ஓரத்துக்கு நெருங்கிய தடத்தில் வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும்; ஆகவே முதலில் வலம், பிறகு இடம், மீண்டும் வலம். வண்டிகள் வலப்பக்கமாக ஓடும் நாடுகளில் இதற்கு நேர்மாறு. ஆனால் ஐந்து வயதில் இடம் வலம் என்ற பெயர்களே பலருக்கு உறுதிப்பட்டிருக்காது. எனவே வசனத்தில் திசையின் பெயரைத் தவிர்த்து, 'கிட்டக்க வண்டி வர்ற பக்கம்', 'அந்தப் பக்கம்' என்று எழுதி, திசையைப் படத்திலேயே காட்டிவிடுவது நல்லது.

படி 4: பார்த்ததன் விளைவை எழுதுங்கள்

இனி மையக் காட்சிகள். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் சாலைக்காக எழுதப்பட்டவை இவை.

காட்சி 2 (14 நொடி)
படம்: நிலாவுக்குப் பின்னால் கேமரா, ஒரு மீட்டர் உயரம். வலப்பக்கம் நிறுத்தப்பட்ட வேன் திரையின் பாதியை அடைத்திருக்கிறது. நிலா எட்டிப் பார்க்கவில்லை, ஓரத்திலேயே நிற்கிறாள்.
ஒலி: நிலா: 'பாட்டி, வண்டி ஒண்ணும் தெரியலையே.' (வேனுக்குப் பின்னாலிருந்து வண்டிச் சத்தம், ஒரு கார் திடீரென வெளிப்பட்டுக் கடந்து செல்கிறது.) நிலா: 'வேன்தான் மறைச்சுக்கிட்டு இருக்கு!' பாட்டி: 'ஆமா கண்ணு. மறைக்காத எடத்துக்குப் போவோம், வா.'

காட்சி 4 (24 நொடி)
படம்: ஜீப்ரா கிராசிங்கின் ஓரம். கைகள் கோத்திருக்கின்றன. நிலாவின் தலை வலப்பக்கம் திரும்பி, 2 நொடி அசையாமல் நிற்கிறது. அவள் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம்: ஒரு பேருந்து வருகிறது. பேருந்து கடந்து போகும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு முதலிலிருந்து தொடங்குகிறார்கள்: வலம் 2 நொடி, இடம் 2 நொடி, மீண்டும் வலம் 2 நொடி.
ஒலி: இசை முழுவதும் நிற்கிறது, தெருச் சத்தம் மட்டும். நிலா: 'பஸ் வருது. நிப்போம்.' (பேருந்து கடக்கிறது.) நிலா: 'மறுபடியும் பாக்கலாம்.'

தலை திரும்பியபின் அசையாமல் நிற்கும் நொடிகளை எண்ணால் எழுதியே ஆக வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் 2 நொடி என்றால் 48 ஃபிரேம். எண் இல்லாவிட்டால் அனிமேட்டர் அதைச் சுருக்கிவிடுவார். அது அவர் குற்றமல்ல, அசைவில்லாத படத்தைக் குறைப்பது அவரது பழக்கம். இன்னொன்று, முதல் முறை பார்க்கும்போதே சாலை காலியாக இருக்கக் கூடாது. காலியாக இருந்தால் பார்ப்பதற்கும் கடப்பதற்கும் இடையே முடிவெடுக்கும் வேலையே இருக்காது. அந்தப் பேருந்துதான் இந்தக் காட்சியின் உயிர்.

வண்டிகளுக்குக் கண்ணும் வாயும் வரைவது அழகாக இருக்கும். ஆனால் இந்த வகைப் படத்தில் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'நான் வண்டியைப் பார்த்தால் வண்டியும் என்னைப் பார்க்கும்' என்று குழந்தைகள் ஏற்கெனவே எளிதில் நம்பிவிடுகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநரை வரையுங்கள்.

படி 5: கடக்கும் நேரத்தைச் சுருக்காதீர்கள்

ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்க, நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் குழந்தைக்கு 7 நொடி ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதே 7 நொடியில் ஏறத்தாழ 78 மீட்டர் வந்துவிடும். திரையில் நிலா இரண்டே நொடியில் மறுபக்கம் சேர்ந்துவிட்டால், தொலைவில் வண்டி தெரியும்போதும் கடந்துவிடலாம் என்ற கணக்கைக் குழந்தை எடுத்துக்கொள்ளும். 8 நொடிக் காட்சியை வெட்டாமல் ஒரே ஷாட்டாக எழுதுங்கள். நடையின் சுழற்சியை ஒருமுறை வரைந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் செலவும் கூடாது.

வசனங்களில் 'ஓடாதே', 'குறுக்கே பாயாதே' போன்றவற்றைவிட 'நட', 'நில்' என்பவை மேல். தவறாக ஓடும் இன்னொரு சிறுவனைக் காட்டி எச்சரிக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். படத்தில் அதிக விறுவிறுப்பான காட்சி அதுவாகவே அமைந்து, வீட்டில் நடித்துக் காட்டப்படுவதும் அதுவாகவே இருக்கும்.

படி 6: வரைவதற்கு முன் சோதியுங்கள்

காட்சிக்கு இரண்டு மூன்று கோட்டோவியங்கள் போதும். வசனத்தைக் கைபேசியில் பதிவு செய்து, ஏதாவது ஓர் இலவச வீடியோ எடிட்டரில் ஓவியங்களோடு அடுக்கி, சில குழந்தைகளுக்குத் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதில் பயனில்லை. 'நிலா ஏன் அங்கேயே கடக்காமல் தள்ளிப் போனாள்?' என்று கேளுங்கள். 'பாட்டி கூப்பிட்டாங்க' என்று பதில் வந்தால் காட்சி 2 வேலை செய்யவில்லை. வேனைப் பெரிதாக்கி, பாட்டியின் பேச்சைக் குறையுங்கள். 'வேன் மறைச்சுது' என்று வந்தால் அனிமேட்டரிடம் கொடுக்கலாம்.

பின்னர் சேர்த்தது

ஜீப்ரா கிராசிங்கில் ஒரு வண்டி நின்றதும் அதை ஒட்டி இன்னொரு வண்டி முந்திக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. காட்சி 5இல் முதல் வண்டி நின்றதும் நிலா அசையாமல், 'அந்தப் பக்கம் இன்னும் நிக்கல' என்று சொல்வதையும், எதிர்த்தடத்து வண்டியும் நின்ற பிறகே இருவரும் அடியெடுத்து வைப்பதையும் சேர்த்திருக்கிறேன். சாலையைத் திசைக்கு ஒரு தடம் உள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பல தடச் சாலைக்குத் தனிப்படம் தேவை.

வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாட்டுக்கு இதே படத்தைப் பயன்படுத்த, முழுப் படத்தையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டால் போதுமா என்று இன்னொருவர் கேட்டார். போதும், வசனத்தில் இடம் வலம் இல்லாததால் மறுபதிவும் தேவையில்லை. ஆனால் பலகைகள், வண்டி எண்கள், பேருந்தின் பெயர் ஆகிய எழுத்துகளைத் தொடக்கத்திலேயே தனி லேயரில் வைக்குமாறு திரைக்கதையில் குறிப்பு எழுதுங்கள். இல்லாவிட்டால் அவையும் சேர்ந்து இடவலமாகத் திரும்பிவிடும். பேருந்தின் பயணிகள் ஏறும் கதவும் படத்தோடு மறுபக்கம் மாறும். அந்த நாட்டுக்கு அது சரியான பக்கம்தான் என்பதால் அதைத் தொட வேண்டாம்.