முகமாற்றத்தில் ஜிஏஎன்: தையல்கோடு மறையாததற்குக் காரணம்

எங்கள் ஸ்டூடியோவுக்குப் பயிற்சிக்கு வரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள், ஒருவரின் உடலில் மற்றொருவரின் முகத்தைப் பொருத்தும் முகமாற்றத்தில் நாங்கள் எல்லாம் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் விழுகிறார்கள். முகத்தை வரையும் மாடலின் பயிற்சிக்கு மங்கலான படங்களைச் சேர்ப்பது போன்றவற்றை அவர்களே ஒரு வாரத்தில் திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோடு தெரிந்தால் ஜிஏஎன்னை ஏற்றுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அண்மையில் ஒரு தமிழ் நாடகத்துக்கு, சண்டைக் கலைஞரின் உடலில் நடிகரின் முகத்தைப் பொருத்த வேண்டியிருந்தது. இருவரும் எழுத்துமூலம் சம்மதித்திருந்தார்கள். காட்சி ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில், அந்திவெயிலில் எடுக்கப்பட்டது. நடிகரின் முகப்படங்களோ ஸ்டூடியோவின் வெள்ளை விளக்கில் எடுத்தவை. முகத்தைப் பொருத்தியதும் தாடை ஓரத்தில் ஒரு கோடு விழுந்தது: ஒரு பக்கம் செம்மஞ்சள் கழுத்து, மறுபக்கம் வெளிறிய கன்னம்.

பயிற்சிக்கு வந்த தம்பி, முகமாற்ற மென்பொருளான DeepFaceLab-இல், ஜிஏஎன்னின் வலிமையைக் குறிக்கும் `gan_power` அளவை 0.1-இலிருந்து 0.5-க்கு ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிட்டார். காலையில் பார்த்தால் கன்னத்தில் புள்ளி புள்ளியாகப் பொய்த் துளைகள், பல்வரிசையில் கட்டம் கட்டமாகக் கோடுகள். தாடைக் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மாடலுக்குக் காப்புப் பிரதியும் எடுக்கவில்லை. அதுவரை செய்த பயிற்சி முழுவதும் வீணாயிற்று.

காரணத்தைப் புரிந்துகொள்ள, ஜிஏஎன், அதாவது ஜெனரேட்டிவ் அட்வர்சேரியல் நெட்வொர்க், எதைப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். 2014-இல் இயன் குட்ஃபெல்லோவும் அவருடைய குழுவினரும் முன்வைத்த இந்த முறையில் இரண்டு வலையமைப்புகள் மோதிக்கொள்கின்றன. ஒன்று படத்தை உருவாக்கும். டிஸ்கிரிமினேட்டர் எனப்படும் மற்றது அது அசலா போலியா என்று தீர்ப்புச் சொல்லும். அந்தத் தீர்ப்பை ஏமாற்ற முயன்று முதலாவது வலை கண்ணிமை முடி, தோல் துளை போன்ற நுண்விவரங்களைக் கற்றுக்கொள்கிறது. ஆனால் DeepFaceLab-இன் SAEHD மாடலில் டிஸ்கிரிமினேட்டருக்குக் காட்டப்படுவது நடிகரின் அசல் முகமும், மாடல் மீண்டும் வரைந்த அதே நடிகரின் முகமும்தான். இரண்டும் வெட்டியெடுத்த முகப்படங்கள். சண்டைக் கலைஞரின் கழுத்தையோ, அந்திவெயிலையோ, ஒட்டிய பிறகு தெரியும் விளிம்பையோ அது ஒருபோதும் பார்ப்பதில்லை. பார்க்காத கோட்டை அது எப்படி அழிக்கும்?

ஒட்டலையே பார்க்கும் ஜிஏஎன்கள் வேறு. 2019-இல் வந்த FSGAN என்னும் முகமாற்ற முறையில் ஒட்டுவதற்கென்றே தனி வலையமைப்பு இருக்கிறது. முகத்தைச் சுற்றியுள்ள நிறத்தோடும் ஒளியோடும் இணங்கும்படி அதற்குப் பயிற்சி தரப்படுகிறது. பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. முகத்தைக் காட்சியில் ஒட்டும் கருவியான மெர்ஜரில் `raw-predict` முறைக்கு மாற்றுங்கள். அதில் ஒட்டல் இருக்காது, மாடல் வரைந்த முகம் மட்டும் தெரியும். அங்கே முகம் சுத்தமாக இருந்து, முகத்தை அப்படியே ஒட்டும் `overlay` முறையில் கோடு தெரிந்தால், பிழை ஒட்டலில். `raw-predict`-இலேயே புள்ளிகள் தெரிந்தால், பிழை பயிற்சியில்.

புதிதாகப் பயிற்றுவித்த மாடலை வைத்து, அந்தக் காட்சியை மெர்ஜரிலேயே சரிசெய்தோம். முதலில் நிறம்: காட்சியின் நிறத்துக்கு முகத்தை இணக்கும் `rct` நிறமாற்றத்தைத் தேர்ந்ததும் கன்னத்தின் வெளிறல் பெருமளவு போய்விட்டது. அடுத்து, முகத்தின் எந்தப் பகுதி ஒட்டப்படும் என்று வரையறுக்கும் மாஸ்க்: தாடைக்குமேல் ஏறியிருந்த விளிம்பு தாடையின் நிழலுக்குள் விழும்படி, காணொளியின் சில சட்டங்களில் கையால் வரைந்து, மாஸ்கை உருவாக்கும் XSeg-ஐ மறுபடி பயிற்றுவித்தோம். கடைசியாக `erode` அளவைச் சிறிது கூட்டி மாஸ்கை உள்ளிழுத்து, `blur`-ஐ ஏற்றி விளிம்பைக் கரைத்தோம். ஜிஏஎன்னைத் தொடாமலேயே கோடு மறைந்தது.

சீக்கிரமே தொடங்குவது

ஜிஏஎன் கடைசிக் கட்டம். முகப்படங்களை வளைத்துப் பயிற்றும் `random_warp` அணைந்து, பயிற்சியின் பிற்பகுதியில் நுணுக்கத்தைக் கூட்டும் `lr_dropout` இயங்கி, பல்லும் விழியும் தெளிந்த பிறகே தொடங்குங்கள். அரைகுறை முகத்தில் அது அரைகுறையையே கூர்மையாக்கும். `gan_power` 0.1 பெரும்பாலும் போதும். அதற்கு முன் மாடல் கோப்புறையை வேறிடத்தில் நகலெடுங்கள்.

ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியே மெருகேற்றுவது

GFPGAN போன்ற மீட்புக் கருவிகள் ஒரு படத்தில் அழகாக வேலை செய்யும். முந்தைய சட்டத்தில் இமையை எப்படி வரைந்தோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் காணொளியில் இமையும் பல்லும் துடிக்கும். வேறு வழியில்லை என்றால் அசலோடு பாதியளவு கலந்து பயன்படுத்துங்கள். நிறுத்திப் பார்க்காமல், ஓடவிட்டுப் பாருங்கள்.

`seamless` முறையை நம்பியிருப்பது

மெர்ஜரின் இந்த ஒட்டல் முறை விளிம்பின் நிறத்தை முகத்துக்குள் இழுக்கும். தலைமுடி நிழல் விளிம்பில் பட்டால் முகமே கறுத்து மினுங்கும்.

சிறிய திரையில் சரிபார்ப்பது

கைபேசியில் தாடைக் கோடு தெரியாது. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் தெரியும்.