முதலில் b² − 4ac

அக்கா மகள் பாடப்புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். காரணிப்படுத்தித் தீர்க்கச் சொன்ன கணக்கு, எனக்குத் தெரிந்தது இப்படி:

2x² − 7x − 3 = 0

பெருக்கினால் −6, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்கள் வேண்டும். −6, 1 போட்டால் −5தான் வருகிறது. கால் மணி நேரம் வீண்.

அப்புறம்தான் b² − 4ac போட்டுப் பார்த்தேன். 49 + 24 = 73. முழு வர்க்கம் இல்லை. முழு எண்களைக் கொண்டு காரணிப்படுத்தவே முடியாது. சூத்திரத்தில் போட்டிருந்தால் √73 உடன் ஒரு விடை வந்திருக்கும், ஆனால் புத்தகம் காரணி கேட்கிறதே! போட்டோவைப் பெரிதாக்கினேன். மடிப்பு நிழலில் + குறியின் நெடுங்கோடு மறைந்திருந்தது.

+3 என்றால் 49 − 24 = 25, வர்க்கமூலம் 5. சரி, இப்போது −6, −1 பொருந்துகின்றன:

2x² − 6x − x + 3 = (x − 3)(2x − 1)

x = 3 அல்லது 1/2.

வர்க்கப் பூர்த்தியை இதில் நான் தொடமாட்டேன். 7/4, 49/16 என்று பின்னம் குவியும். அடுத்த கணக்கு x² − 6x + 4 = 0. அங்கே 36 − 16 = 20, காரணி கிடையாது. ஆனால் x²-இன் கெழு 1, நடு எண் இரட்டை. (x − 3)² = 5, x = 3 ± √5. இரண்டே வரி.